யோசிச்சுச் சொல்றேன்

"ஒரு டப்பா வாங்கிப் போட்டுட்டு விடு மச்சான், நட்புக்காக" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். "பிளாக் பண்ணிட்டுப் போயிட்டே இரு" என்றவர்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. காரணம், இரண்டையும் நான் செய்து பார்த்தவன். டப்பாவும் வாங்கினேன், போனை எடுக்காமலும் இருந்தேன். முதலாவதில் 2,800 ரூபாய் போனது. இரண்டாவதில் போனதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அவன் பெயர் வேண்டாம். கல்லூரி ஹாஸ்டலில் நான்கு வருடம் ஒரே அறை. அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மச்சான். மேத்ஸ் த்ரீ அரியரை நான் தாண்டியது அவனால்தான். பரீட்சைக்கு முந்தைய இரவு விடிய விடிய உட்கார்ந்து ஃபூரியர் தொடரை எனக்குள் திணித்தான். படிப்பு முடிந்ததும் நான் சென்னைக்கு வந்து ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவன் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் போனான். கொரோனா சமயத்தில் ஆர்டர் இல்லாமல் பல மாதம் பாதிச் சம்பளம். அந்தச் சமயத்தில் யாரோ அவனை ஒரு ஹோட்டல் ஹாலுக்கு அழைத்துப்போனார்கள். அவன் முட்டாள் இல்லை. மேத்ஸ் த்ரீயில் என்னைவிட நாற்பது மார்க் அதிகம் வாங்கியவன். இந்த விஷயத்தில் சிரிக்கிறவர்கள் முதலில் மறப்பது இதைத்தான். பேராசைக்காரன்தான் மாட்டுவான் என்று நினைக்கிறோம். சம்பளம் பாதியானவனும் மாட்டுவான்.

முதல் அழைப்பில் கம்பெனிப் பெயரே வரவில்லை. "மச்சான், ஒரு சின்ன விஷயம், பத்து நிமிஷம் ஃப்ரீயா? போன்ல சொன்னா புரியாது" என்றான். போனில் விவரம் சொல்லக் கூடாது, ஆர்வத்தை மட்டும் கிளப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் பயிற்சியின் முதல் பாடம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஜூமில் வந்தேன். கோட் போட்ட ஒரு சார் இருந்தார். மாப்ளயின் அப்லைன். நண்பன் சொன்னால் மறுத்துவிடுவோம், முன்பின் தெரியாத மரியாதையான மனிதர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்போம் என்பதால்தான் மூன்றாவது ஆளை வைத்துப் பேசுகிறார்கள். முக்கால் மணி நேரம் கேட்டேன். கடைசியில் "எப்படி ஃபீல் பண்றீங்க?" என்றார் சார். நான் ஒரு நல்ல தமிழ்ப் பிள்ளையாக, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. நம் ஊரில் "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். "பாக்கலாம்", "வீட்ல கேட்டுச் சொல்றேன்", "இப்போதைக்குக் கொஞ்சம் டைட்" எல்லாமே வேண்டாம்தான். பெண் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தகவல் அனுப்புகிறோம் என்று சொல்லிக் கிளம்புகிற வழக்கத்திலிருந்து வந்தவர்கள் நாம். கேட்பவருக்கும் புரியும், சொல்பவருக்கும் புரியும், யாருக்கும் முகம் சுருங்காது. ஆனால் இந்த வியாபாரம் அந்த நாகரிகத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதன் பாஷையில் நான் மறுக்கவில்லை. பிற்பாடு மாப்ளயின் நோட்டைப் பார்த்தேன். சேர்ந்த முதல் வாரத்தில் நூறு பெயர் எழுதச் சொல்வார்கள். பெயர், உறவு, நிலை என்று கட்டம் போட்டிருந்தான். நான் ஏழாவது. என் பெயருக்கு நேராக "வார்ம். யோசிக்கிறான். 48 மணி நேரத்தில் ஃபாலோ-அப்" என்று அவனுடைய அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் நோட்டில் அது பாதி திறந்த கதவு.

48 மணி நேரத்தில் போன் வந்தது. பணம் டைட் என்றேன். "பணம் டைட்டா இருக்கறவனுக்குத்தான்டா இது" என்றான். நேரம் இல்லை என்றேன். "வாரம் ஆறு மணி நேரம் போதும், நீ ரீல்ஸ் பாக்கறதே அதைவிட அதிகம்" என்றான். அது உண்மைதான், சங்கடமாகப் போயிற்று. வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். "என் வைஃபும் மொதல்ல அப்படித்தான் சொன்னா, நானும் அப்படித்தான் நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சது" என்றான். இந்த மூன்று படி வாக்கியம், 'உன் உணர்வு புரிகிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் நான் கண்டுகொண்டது', விற்பனைப் பயிற்சிகளில் பல காலமாக இருக்கிற பழைய சூத்திரம். நாம் சொல்லும் காரணங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அப்ஜெக்‌ஷன்'. ஒவ்வொன்றுக்கும் பதில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஆக, காரணம் சொல்லி மறுக்கிறவன் அவனுக்கு அடுத்த வாக்கியத்தை எடுத்துக் கொடுக்கிறான்.

அப்புறம்தான் டப்பா வாங்கினேன். புரதப் பொடி, 2,800 ரூபாய். பக்கத்து மருந்துக்கடையில் அதே எடைக்குக் கிட்டத்தட்டப் பாதி விலை. நட்புக்கு மொய் வைத்த மாதிரி இருக்கட்டும், இத்தோடு முடியும் என்று கணக்குப் போட்டேன். மொய்யாவது ஒருமுறை எழுதினால் போதும். இங்கே டப்பா வாங்கியதும் நான் 'கஸ்டமர்' ஆகிவிட்டேன். முப்பதாவது நாள், "பொடி தீர்ந்திருக்குமே மச்சான்" என்று செய்தி வந்தது. பொடி அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. தீரவில்லை என்றால் ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்வி வரும், தீர்ந்தது என்றால் அடுத்த டப்பா வரும். இரண்டு பொய்களில் எது சல்லிசு என்று யோசித்து அரை நாள் பதில் போடாமல் இருந்தேன்.

டப்பா வாங்கச் சொல்லும் கட்சிக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் நண்பனுக்கு உதவுவதாக நினைக்கிறீர்கள். அவனுடைய கம்பெனியில் மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாய்க்குப் பொருள் நகர்த்தினால்தான் அவன் 'ஆக்டிவ்'. இல்லாவிட்டால் அந்த மாதக் கமிஷன் வராது. உங்கள் 2,800 அந்த மாதப் பள்ளத்தை மூடுகிறது. பள்ளம் மூடியதால் அவன் இன்னொரு மாதம் அதில் தங்குகிறான். அடுத்த மாதம் நீங்கள் இல்லையென்றால் மீதியைத் தன் கைக்காசில் தானே வாங்கித் தன் வீட்டில் அடுக்குகிறான். அவனை வெளியே வரவிடாமல் வைத்திருந்த பணத்தில் என்னுடையதும் கொஞ்சம் உண்டு.

நான் எஞ்சினியர் அல்லவா, அடுத்து கணக்கால் வெல்லப் பார்த்தேன். ஐந்து பேர், அவர்களுக்குக் கீழே ஐந்து ஐந்து பேர் என்று பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது மட்டத்தில் தமிழ்நாட்டு மக்கள்தொகையே போதாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அது இவர்களிடம் எடுபடாது, "அவ்வளவு தூரம் யார்டா போறா" என்பார்கள். நான் கொஞ்சம் சாமர்த்தியமாக வேறு கேள்வி கேட்டேன். மரம் எந்த மட்டத்தில் நின்றாலும் சரி, கடைசி வரிசையில் எத்தனை பேர்? 1, 5, 25, 125, 625, 3,125 என்று ஆறு வரிசை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 3,906 பேர். இதில் கடைசி வரிசை 3,125. அதாவது 80 சதவீதம் பேருக்குக் கீழே யாருமே இல்லை. அதற்கு முந்தைய வரிசை 625, அதாவது 16 சதவீதம். அவர்களுக்குக் கீழே ஐந்தே பேர். அந்த ஐந்து பேரும் மாதம் தவறாமல் 4,000 ரூபாய்க்கு வாங்கினால் மொத்தம் 20,000. மாப்ள கம்பெனியில் நேரடி ஆட்களுக்கு 8 சதவீதம். கைக்கு 1,600. அதை வாங்குவதற்கு இவர் போட வேண்டியது 4,000. ஒருவரும் விலகாமல், ஒருவரும் சோம்பாமல், எல்லாம் திட்டப்படியே நடந்தால்கூட நூற்றில் 96 பேருக்குக் கைக்காசு போகிறது. இன்னும் பத்து வரிசை சேர்த்தாலும் இந்த 96 மாறாது.

எனக்கு அந்தக் கணக்கின் மேல் ஒரு பெருமை இருந்தது. எக்ஸெலில் போட்டு, வண்ணம் அடித்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "கரெக்ட் மச்சான். அதான் சொல்றேன், நாம அந்த 4 சதவீதத்துல வந்துடணும். சீக்கிரம் வா."

என்ன சொல்வது? கணக்கு அவனுக்குப் புரிந்தது, என்னைவிட வேகமாகவே புரிந்தது. நான் பயம் காட்டியதாக நினைத்தேன், அவசரம்தான் காட்டியிருக்கிறேன். சட்டத்தையும் எடுத்து வீசினேன். ஆள் சேர்த்துப் பணம் சுற்றுகிற திட்டங்களை 1978ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது, 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டங்களைத் தடுக்கின்றன என்றேன். "பாத்தியா, கவர்ன்மென்ட்டே ரூல்ஸ் போட்டிருக்கு, எங்க கம்பெனி அந்த ரூல்ஸ்படிதான் நடக்குது, எங்க ஆள் சேத்ததுக்குக் காசு இல்ல, பொருள் வித்ததுக்குத்தான் காசு" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது: பொருள் வெளியாளுக்கு விற்று வருமானம் வருகிறதா, அல்லது உள்ளே சேர்ந்தவர்களே வாங்கிக்கொள்வதால் வருகிறதா? அவன் விற்ற டப்பாக்களில் அவனும் நானும் அவனுடைய டவுன்லைனும் தவிர வேறு யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். போன் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம், "நீ ரொம்ப நெகட்டிவ் ஆயிட்டடா" என்றான்.

'நெகட்டிவ்' என்பது அவன் வார்த்தை இல்லை. கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தது. உன்னை முதலில் கேலி செய்யப்போவது நெருங்கியவர்கள்தான், உன் கனவைத் திருடப்போவது அவர்கள்தான், அவர்களிடமிருந்து விலகி நில் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். எனவே நாம் கோபப்பட்டு விலகும்போது ஒரு ஜோசியம் பலிக்கிறது. அப்லைன் சொன்னது அப்படியே நடந்துவிட்டதல்லவா, அப்படியானால் அவர் சொன்ன மற்றதும் நடக்கும். பிளாக் பண்ணச் சொல்லும் கட்சிக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நீங்கள் பிளாக் செய்வது அந்தக் கம்பெனியை இல்லை. அவனுக்கு மிச்சமிருந்த வெளியாட்களில் ஒருவரைக் குறைக்கிறீர்கள். அதன்பிறகு அவன் பேசுவதற்கு அந்த ஹோட்டல் ஹாலில் இருப்பவர்கள் மட்டும்தான்.

நானும் அதைச் செய்தேன். பிளாக் என்ற வார்த்தைக்குக் கூசி, மியூட் செய்தேன். போன் வந்தால் திரையைக் குப்புறக் கவிழ்த்து வைப்பேன். அழைப்பு நின்றபின் "மீட்டிங்டா" என்று ஒரு வரி. சில மாதம் அப்படியே போயிற்று. ஒரு வாரத்தில் ஐந்தாறு முறை கூப்பிட்டான். மாதக் கடைசி, டார்கெட் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு ஹாஸ்டல் நண்பனின் ஸ்டேட்டஸில் படம் பார்த்தேன். மாப்ளயின் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காதுகுத்து. அவன் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடும். குழந்தை பிறந்தபோதே, "காதுகுத்துக்கு நீங்கதாண்ணா மாமா, மடி ரெடியா வெச்சிருங்க" என்று சொல்லியிருந்தது. படத்தில் பாப்பா யாரோ ஒருவர் மடியில் அழுதுகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று பிறகு தெரிந்தது. நல்ல மனிதர்தான், கோயம்புத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

மாப்ள என்னை ஏமாற்றவில்லை. அவன் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. ஆனால் அவன் அழைப்பு ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்க்க என்னைப் பழக்கியது எது? இந்த வியாபாரத்தின் மூலதனம் நூறு பெயர் எழுதிய அந்த நோட்டு. இருபது வருட நம்பிக்கையை எடுத்துச் செலவழிக்கச் சொல்கிறது. பொருள் விற்காவிட்டால் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாம், செலவழித்த நம்பிக்கையை எந்தக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளும்? இதில் என் பங்கும் உண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமையே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டி வந்திருக்காது. ஒரு வருடம் நான் காட்டியது மரியாதை இல்லை, கோழைத்தனம்.

அடுத்த சனிக்கிழமை திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். பாப்பாவுக்கு ஒரு ஜோடித் தோடு எடுத்துப்போனேன். அந்தப் பெண் "வாங்கண்ணா" என்றது, முகத்தைப் பார்க்கவில்லை. காபி வந்தது. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. மாப்ளயைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி முன்னால் இதைப் பேசினால் அவனுக்கு அவமானம், என் பேச்சைச் சாக்கிட்டு அந்த வீட்டில் இன்னொரு சண்டை வரும். பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், காதுகுத்துக்கு மட்டும். அதன்பிறகு சொன்னேன்:

"மாப்ள, இந்த பிசினஸ்ல நான் சேர மாட்டேன். பொருளும் வாங்க மாட்டேன். இப்போதைக்கு இல்ல, எப்பவுமே. உன் போன நான் எடுப்பேன்."

"ஏன்டா?" என்றான்.

"காரணம் சொல்லப் போறதில்ல. சொன்னா நீ பதில் சொல்லுவ, நான் பதிலுக்கு எக்ஸெல் அனுப்புவேன். வேண்டாம்டா."

அவன் சிரித்துவிட்டான். எக்ஸெல் உதவியது அந்த ஒரு முறைதான்.

இந்த வாக்கியத்தில் நான் கவனமாக இருந்தது மூன்று இடங்களில். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் அதைத் திட்டினால் அவன் அதற்கு வக்கீலாகிவிடுவான். 'இப்போதைக்கு' இல்லை, அது நோட்டில் ஒரு தேதியாக மாறிவிடும். கடைசித் துண்டு, போனை எடுப்பேன் என்பது, மற்றவற்றைவிட முக்கியம். அதைச் சொல்லிவிட்டால் செய்தே ஆக வேண்டும்.

ஒரே தடவையில் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பதினோராவது நாள் மறுபடி கேட்டான். கம்பெனியில் புதிதாக ஒரு சலுகை, எனக்காகவே வந்த மாதிரி. நான் அதே வாக்கியத்தைச் சொன்னேன். எங்கள் தொழிலில் ஐடெம்போட்டன்ட் என்று ஒரு வார்த்தை உண்டு. ஒரே கட்டளையை ஒருமுறை கொடுத்தாலும் நூறுமுறை கொடுத்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நம் அப்பாக்கள் சொன்னதும் இதைத்தான். புதுக் காரணம் சேர்க்கக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, "எத்தனை தடவடா சொல்றது" என்று கேட்கவும் கூடாது. சொல்லி முடித்த கையோடு பாப்பா பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்பேன். அடுத்த முறை மூன்று வாரம் கழித்து. அதற்கடுத்தது இரண்டு மாதம்.

ஒருமுறை கடன் கேட்டான், 15,000. எதற்கு என்றேன். மாதக் கடைசி, லெவல் போய்விடும் என்றான். அதற்குத் தர மாட்டேன் என்றேன். அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு முட்டுக்கட்டை என்று அந்தப் பெண் கூப்பிட்டுச் சொன்னபோது அன்றைக்கே வீட்டுக்காரர் கணக்குக்கு நேராக அனுப்பினேன். இந்தக் கோடு எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருக்காது என்று தெரியும். வாடகைக்குக் கொடுத்தால் வாடகைப் பணம் டப்பாவுக்குப் போகலாம். நேராக வீட்டுக்காரருக்கு அனுப்பியது அவனுக்குக் கோபம்தான், ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் பேசினான்.

அவன் வெளியே வந்துவிட்டானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரவில்லை. அடுக்கு மட்டும் குறைந்திருக்கிறது. போன வாரம் கூப்பிட்டான். எடுத்ததும், "பயப்படாத, புராடக்ட் இல்ல" என்றான். அக்கா மகன் கல்லூரியில் சேருகிறான், பழைய லேப்டாப் எதை வாங்குவது என்று கேட்டான். எட்டு ஜிபி ராம் போதுமா, பதினாறு வேண்டுமா, பேட்டரியை எப்படிச் சோதிப்பது என்று நாற்பது நிமிடம் பேசினோம். வைக்கப்போகும்போது, "சரி மச்சான், அந்த ஒமேகா கேப்ஸ்யூல்…" என்று இழுத்தான்.

"மாப்ள, நான் வாங்க மாட்டேன்" என்றேன்.

"தெரியும்டா, சும்மா கேட்டேன். பதினாறுன்னா எவ்வளவு ஜாஸ்தி ஆகும்?"